நட்டை முறுக்குவதா, வாஷரை மாற்றுவதா?

வாஷ்பேசினுக்கு அடியில் ஒரு சொட்டு தொங்கினால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்குவார்கள். சொட்டு நிற்கும். நாலைந்து நாளில் அதே இடத்தில் மறுபடி ஈரம் தட்டும். இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை ஆனபின் நட்டில் விரிசல் விழும், அல்லது சுவருக்குள் இருக்கும் இணைப்பு அசைந்து கொடுத்துவிடும். சில ரூபாய் வாஷரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, டைல்ஸை உடைக்கும் வேலையாகிவிடும்.

இதைத் தவிர்ப்பதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. அந்த இணைப்பில் தண்ணீரை நிறுத்தி வைப்பது எது என்று தெரிந்தால் போதும். எப்போது முறுக்கலாம், எப்போது கழற்றியே ஆக வேண்டும் என்பது அதிலிருந்தே விளங்கிவிடும்.

தண்ணீரை நிறுத்துவது எது?

பேசினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். சுவரிலிருந்து ஒரு சிறிய வால்வு நீட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிள் காக், ஆங்கிள் வால்வு என்று இரண்டு விதமாகவும் கடைகளில் சொல்வார்கள். அதிலிருந்து மேலே இருக்கும் குழாய்க்கு ஒரு வளையும் பைப் போகும். அதுதான் கனெக்‌ஷன் பைப். உள்ளே ரப்பர் குழல், வெளியே கம்பிப் பின்னல், இரண்டு முனையிலும் அரை இஞ்ச் நட். கீழ் நட் ஆங்கிள் வால்வின் வாயில் ஏறும். மேல் நட் பேசின் குழாயின் அடித்தண்டில் ஏறும்.

அந்த நட்டுக்குள் விரலை விட்டால் ஒரு தட்டையான ரப்பர் வளையம் தட்டுப்படும். அதுதான் வாஷர். வால்வு வாயின் விளிம்புக்கும் பைப் முனையின் விளிம்புக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது. நட்டை முறுக்கும்போது அந்த இரண்டு விளிம்புகளும் நெருங்கி வாஷரை நசுக்குகின்றன. நசுங்கிய ரப்பர், விளிம்பில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களில் எல்லாம் போய் அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆகவே தண்ணீரை நிறுத்துவது வாஷர். நட்டின் வேலை அதை அழுத்திப் பிடிப்பது மட்டும். நட்டின் மரைக்கு இந்த இணைப்பில் தண்ணீரைத் தடுக்கும் வேலையே கிடையாது. அதனால்தான் இந்த மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் பயனில்லை என்கிறோம். ஆங்கிள் வால்வு சுவருக்குள் ஏறும் இடத்தில் மரையே தண்ணீரை அடைக்கிறது. டேப் சுற்ற வேண்டியது அங்கே. கனெக்‌ஷன் பைப் நட்டில் கனமாக டேப்பைச் சுற்றினால் நட் முழுதாக ஏறாமல் பாதியிலேயே இறுகும். கைக்கு இறுக்கமாகத் தெரியும். உள்ளே வாஷர் சரியாக அழுந்தியிருக்காது.

பிரஷர் குக்கரில் ஆவி பக்கவாட்டில் கசிந்தால் யாரும் மூடியை இன்னும் பலமாக அழுத்துவதில்லை, கேஸ்கெட்டைத்தான் மாற்றுகிறோம். பேசினுக்கு அடியிலும் கணக்கு அதேதான்.

வாஷருக்கும் ஆயுள் உண்டு. ரப்பர் அழுந்தியபின் திமிறி எழப் பார்க்கும் குணம்தான் அதன் பலம். வருடக்கணக்கில் நசுங்கியே கிடந்தால் அந்தத் திமிறல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், நசுங்கிய வடிவத்திலேயே தங்கிவிடும். கீசர் தண்ணீர் போகும் பைப் என்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். குளோரின் கலந்த தண்ணீரும் ரப்பரைக் கெட்டியாக்கும். போர் தண்ணீரின் உப்பு விளிம்பில் படிந்து, வாஷர் படிந்து உட்கார விடாமல் செய்யும்.

திமிறல் போன வாஷரை மேலும் முறுக்கினால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் கொஞ்ச ரப்பரும் நசுங்கி, அந்த நேரத்துக்கு வழி அடைபடும். சொட்டு நிற்கும். ரப்பரில் எழும்பும் சக்தி இல்லாததால் சில நாளில் பழைய நிலை திரும்பும். நாலு நாள் நின்று மறுபடி கசிவதன் காரணம் இதுதான். விடாமல் முறுக்கிக்கொண்டே போனால் விளிம்பு கத்திபோல் வாஷரை வெட்டிவிடும், அல்லது ரப்பர் உள்பக்கமாகப் பிதுங்கித் தண்ணீர் வழியைக் குறுக்கும்.

முதலில், எங்கிருந்து வருகிறது?

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கசிவின் இடத்தை உறுதி செய்ய வேண்டும். தண்ணீர் பிறக்கும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேல் நட்டில் கசியும் நீர், பைப்பின் பின்னலோடு வழிந்து வந்து கீழ் நட்டில் திரண்டு சொட்டும். அதைப் பார்த்துக் கீழ் நட்டைப் போட்டு முறுக்குகிறவர்கள் நிறையப் பேர்.

பழைய துணியால் குழாயின் அடித்தண்டு, பைப், இரண்டு நட், ஆங்கிள் வால்வு, கழிவு நீர் பைப் எல்லாவற்றையும் ஈரமில்லாமல் துடையுங்கள். ஒவ்வொரு இணைப்பின் மீதும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அதுதான் இடம். இரண்டு தாள் நனைந்திருந்தால் மேலே இருப்பதையே முதலில் சந்தேகியுங்கள்.

அடுத்த சோதனை, குழாயை மூடி வைத்துப் பார்ப்பது. கனெக்‌ஷன் பைப்பில் குழாய் மூடியிருந்தாலும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும். ஆகவே குழாய் மூடியிருக்கும்போதும் சொட்டினால் பைப் பக்கத்துக் கசிவு. குழாயைத் திறந்து கை கழுவும்போது மட்டும் ஈரமானால், குற்றம் பெரும்பாலும் கழிவு நீர் பைப்பில் இருக்கும், இல்லையென்றால் பேசின் மேல் சிந்தும் நீர் குழாயின் அடிவழியாக இறங்கும். அதற்கும் இந்த நட்டுக்கும் தொடர்பில்லை.

மூன்றாவதாக ஆங்கிள் வால்வை முழுக்க மூடி, பேசின் குழாயை ஒரு தடவை திறந்து பைப்பில் இருக்கும் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். துடைத்துவிட்டுப் பாருங்கள். கசிவு நின்றுவிட்டால் கோளாறு வால்வுக்கு மேலே, அதாவது நட்டிலோ வாஷரிலோ பைப்பிலோ இருக்கிறது. அப்போதும் ஈரம் வந்தால் வால்வின் தண்டிலோ அது சுவரில் ஏறும் இடத்திலோ கோளாறு இருக்கிறது. அல்லது வால்வு முழுக்க மூடவில்லை.

முறுக்கினால் போதும் என்பது எப்போது?

நட் தளர்ந்திருந்தால் மட்டும். அது எப்படித் தெரியும்? ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே நட்டைத் திருப்பிப் பாருங்கள். லேசாக நகர்ந்தால் அது தளர்ந்த நட். புதிதாகப் பைப் போட்ட சில நாட்களில் கசிந்தாலும் முறுக்கிப் பார்க்கலாம். புது ரப்பர் அழுந்திப் படியும்போது பிடி கொஞ்சம் தளர்வதுண்டு. பேசினுக்கு அடியில் ஏதோ வேலை நடந்தது, அதற்குப் பிறகு கசிகிறது என்றாலும் அப்படியே.

முறுக்கும் அளவு கால் சுற்று. கடிகார முள் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் தூரம். அதற்கு மேல் வேண்டாம். ஒரு கையால் ஆங்கிள் வால்வை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டைத் திருப்ப வேண்டும். வால்வைப் பிடிக்காமல் திருப்பினால் அந்த விசை சுவருக்குள் இருக்கும் மரைக்குப் போகும். அங்கே தொடங்கும் கசிவு கண்ணுக்குத் தெரியாது. சுவர் ஓதம் எடுத்தபின்தான் தெரியும்.

திருப்பும் திசையிலும் கவனம் வேண்டும். பைப் இருக்கும் பக்கத்திலிருந்து நட்டைப் பார்த்தால் கடிகாரத் திசையில் இறுகும். கீழ் நட்டை மேலிருந்து பார்க்கிறோம், குழப்பமில்லை. மேல் நட்டைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துத்தான் திசையைச் சொல்ல வேண்டும். பேசினுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து அதே திசையில் திருப்பினால் நட் கழன்றுகொண்டு வரும்.

நட் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இருந்தால் ஸ்பேனரே கூடாது. கையால் இறுக்குவதே அதற்குப் போதும்.

கால் சுற்று திருப்பியாயிற்று, துடைத்தாயிற்று, தாள் சுற்றியாயிற்று. மறுநாள் காலையில் தாள் காய்ந்திருந்தால் வேலை முடிந்தது. இரவு முழுக்க விட்டுப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் பைப்பில் அழுத்தம் முழு அளவில் நிற்கும். தண்ணீர்த் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம். அடுக்குமாடியில் கீழ்த்தளத்து வீட்டுக்கு மேல்தளத்தைவிட இது அதிகம். இரவில் கசியாத இணைப்பு பகலிலும் கசிய வாய்ப்பு குறைவு.

தாள் நனைந்திருந்தால் இரண்டாவது தடவை முறுக்க வேண்டாம். கழற்றுங்கள்.

கழற்றியே ஆக வேண்டியது எப்போது?

நட் கைக்கு அசையாமல் இறுக்கமாக இருக்கிறது, ஆனாலும் கசிகிறது என்றால் கோளாறு உள்ளேதான். பல வருடம் ஒழுங்காக இருந்த இணைப்பு, யாரும் தொடாமலே கசியத் தொடங்கினாலும் அப்படித்தான். நட்டைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், கசிவு நேற்று தொடங்கியதில்லை என்று பொருள்.

மதுரையில் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது மாடி, எட்டு வருடப் பழைய பேசின், கீழ் நட்டில் கசிவு. முன்பே இருமுறை முறுக்கியாகிவிட்டது. வழக்கமாக வரும் பிளம்பர் அண்ணன் குனிந்து பார்த்தார். நட்டின் அடிவிளிம்பில் பூத்திருந்த வெள்ளை உப்பை நகத்தால் சுரண்டினார். விரலால் நட்டைத் திருப்பிப் பார்த்தார், அசையவில்லை.

"லேசா முறுக்கி விட்டுருங்கண்ணே, சாயங்காலம் விருந்தாளி வர்றாங்க" என்றாள் அக்கா.

"இதுல இனிமே முறுக்க இடமில்லம்மா. முறுக்குனா நட்டுதான் பொளக்கும். கழட்டிப் பாத்துருவோம்" என்றார் அவர்.

ஆங்கிள் வால்வை மூடினார். பேசின் குழாயைத் திறந்து, தண்ணீர் நின்றதை உறுதி செய்துகொண்டார். அடியில் ஒரு மக்கை வைத்தார். இடது கையில் வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூ ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தினார். பிறகு கையாலேயே சுழற்றிக் கழற்றினார். வாஷர் நட்டோடு வரவில்லை. வால்வின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிறிய ஸ்க்ரூ டிரைவரின் முனையால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

வளையத்தைச் சுற்றி விளிம்பு அழுந்திய தடம் ஒன்று தெரிந்தது. ஒரு பக்கம் அந்தத் தடம் ஆழமாக, கிட்டத்தட்ட ரப்பரை வெட்டும் அளவுக்கு இறங்கியிருந்தது. எதிர்ப்பக்கம் லேசான கோடு மட்டும். விரலால் மடக்கியதும் ஆழமான பக்கத்தில் வெடித்துக்கொண்டது. நல்ல ரப்பர் மடங்கி, விட்டதும் நிமிர்ந்துவிட வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் ஏன் அழுந்தியது என்று கேட்டேன். அடியில் இருந்த பக்கெட்டைக் காட்டினார். தினமும் அதைத் தள்ளித் தள்ளி வைத்ததில் பைப் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்த பைப்பை நட் எவ்வளவு இறுகப் பிடித்தாலும் வாஷர் கோணலாகத்தான் அழுந்தும். அந்த நிலையில் முறுக்க முறுக்க, வெட்டுப்படும் பக்கம் இன்னும் வெட்டுப்படும். கசியும் பக்கம் கசிந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்து அவர் செய்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வால்வு வாயின் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். உப்பு சொரசொரப்பாக இருந்தது. வினிகரில் நனைத்த துணியால் சற்று நேரம் மூடி வைத்து, பிறகு அழுத்தித் துடைத்தார். மறுபடி தடவினார். வழவழப்பாகும்வரை விடவில்லை. நட்டுக்குள்ளும் பழைய ரப்பர் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்தார். பழைய துணுக்கின் மேல் புது வாஷர் உட்கார்ந்தால் அது ஒருநாளும் சமமாக அழுந்தாது. இதே காரணத்தால் இரண்டு வாஷரை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவதும் தவறு. ஒன்று நழுவி மற்றதைக் கோணலாக்கும்.

புது வாஷரை நட்டுக்குள் தட்டையாக உட்கார வைத்தார். பைப்பை நேராக நிறுத்தி, நட்டைக் கையால் போகும்வரை ஏற்றினார். மரை கோணலாக ஏறினால் முதல் சுற்றிலேயே கை தடுக்கும். அப்போது கழற்றிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டுமே தவிர, ஸ்பேனரால் வலிக்கக் கூடாது. கை இறுக்கம் முடிந்தபின் ஸ்பேனரால் கால் சுற்றுக்குச் சற்று மேலே திருப்பினார். அதோடு நிறுத்திக்கொண்டார். தண்ணீர் அடைத்திருக்கும்போதே மேல் நட்டின் வாஷரையும் மாற்றினார். இரண்டுக்கும் வயது ஒன்றுதானே.

பேசின் குழாயைத் திறந்த நிலையில் வைத்தே ஆங்கிள் வால்வை மெதுவாகத் திறந்தார். உள்ளே இருந்த காற்று சீறி வெளியேறியது. குழாயை மூடித் துடைத்து, தாள் சுற்றினார். மறுநாள் காலை அக்கா எடுத்துப் பார்த்தபோது தாள் உலர்ந்திருந்தது. பக்கெட் இப்போது குளியலறையின் வேறு மூலையில் இருக்கிறது.

வாஷர் வாங்கும்போது

அளவைச் சொல்லி வாங்குவதைவிடப் பழைய வாஷரைக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. அரை இஞ்ச் வாஷர் என்று கேட்டால் கிடைக்கும். ஆனால் கடைக்குக் கடை பருமனும் துளையும் மாறும். வெளிவிட்டம் நட்டுக்குள் ஆடாமல் பொருந்த வேண்டும். துளை பைப்பின் உள்வழியைவிடச் சிறியதாக இருந்தால் தண்ணீர் வேகம் குறையும். மிகப் பெரியதாக இருந்தால் விளிம்புக்கு அழுந்த இடமிருக்காது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து எழ வேண்டும். கடையிலேயே கல்லாகக் கிடப்பதை வாங்காதீர்கள்.

வாஷராலும் தீராதவை

நட்டுக்கும் பைப்புக்கும் இடையில் பின்னலை இறுக்கிப் பிடித்திருக்கும் உலோக வளையம் ஒன்று உண்டு. தாள் அந்த வளையத்துக்குக் கீழே நனைந்தால், அல்லது பின்னலின் நடுவிலிருந்து ஈரம் வந்தால், பைப்பே போய்விட்டது. அதை முறுக்கவும் முடியாது, வாஷராலும் சரியாகாது. பைப்பையே மாற்ற வேண்டும். புதுப் பைப்பின் இரண்டு முனையிலும் வாஷர் சேர்ந்தே வரும்.

பின்னலில் துருப்புள்ளி, அறுந்து நீட்டும் கம்பி, எங்காவது ஒரு வீக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இன்னும் கசியவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. வாஷர் சொட்டுச் சொட்டாக எச்சரிக்கும். பின்னல் அறுந்த பைப் அப்படி எச்சரிப்பதில்லை. உள்ளிருக்கும் ரப்பர் ஒரேயடியாக வெடிக்கும். ஸ்டீல் பின்னல் ஏன் துருப்பிடிக்கிறது என்று பலருக்கும் வியப்பு. கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் பேசினுக்கு அடியில் வைப்பதுதான் பல வீடுகளில் காரணம். மூடியிலிருந்து கசியும் ஆவியே ஸ்டீலை அரித்துவிடும். அந்தப் புட்டிகளுக்கு வேறு இடம் பாருங்கள்.

வால்வு வாயின் விளிம்பில் வெட்டோ பள்ளமோ விரலுக்குத் தட்டுப்பட்டால் எந்த வாஷரும் நிலைக்காது. வால்வை மாற்றுவதுதான் வழி. வால்வே மூடாமல் சுற்றிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். வருடக்கணக்கில் தொடாத ஆங்கிள் வால்வு அவசரத்துக்கு மூடாது. அப்போது குளியலறை வரிசையின் கேட் வால்வையோ தொட்டியின் வால்வையோ மூடிவிட்டுத்தான் நட்டில் கை வைக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதை மூடித் திறந்து வைத்தால் இந்தச் சங்கடம் வராது.

ஆக, நட் தளர்ந்திருந்தால் ஒரே ஒரு கால் சுற்று. இறுக்கமாக இருந்தும் கசிந்தால் வாஷர். ஈரம் பைப்பிலிருந்தே வந்தால் புதுப் பைப். பிளம்பரை அழைத்துத்தான் செய்யப்போகிறீர்கள் என்றாலும், வேலை முடிந்ததும் கழற்றிய வாஷரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் அவர் நட்டை முறுக்கிவிட்டு மட்டும் கிளம்புகிறார். பணம் கொடுக்கும் முன் கழற்றச் சொல்லுங்கள்.